ஃப்ரீலான்சர் குழுவின் பொதுக் கணக்கு: டூல் செலவு, தாமதமாகும் பணம், பொது நிதி

ஐந்து பேர் சேர்ந்து வேலை செய்கிறோம். எல்லாப் பணத்தையும் ஒரே கணக்கில் போட்டு வைத்தால் போதாதா?

வங்கிக் கணக்கு ஒன்றாக இருக்கலாம். ஆனால் அதற்குள் இருப்பது மூன்று வகைப் பணம். டூல் சந்தாக்களுக்காக வசூலித்தது முதல் வகை; அது வந்த வேகத்தில் வெளியே போயாக வேண்டியது. பொது நிதிக்கு ஒவ்வொருவரும் போட்ட பங்கு இரண்டாவது. அது போட்டவருக்கே சொந்தம். மூன்றாவது, கிளையன்ட் பணம் தராததால் குழுவில் ஒருவருக்குப் பொது நிதியிலிருந்து கொடுத்த முன்பணம். அது இப்போது கணக்கில் இருக்காது, ஆனால் திரும்பி வர வேண்டியது.

மீதித் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் குழுக்களில்தான் மனக்கசப்பு வருகிறது. கணக்கில் பணம் இருக்கிறதே என்று ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த வாரம் மூன்று சந்தாக்கள் புதுப்பிக்கும் நாளாக இருக்கும். அதனால் கணக்கு ஒன்றாக இருந்தாலும் ஏட்டில் மூன்றையும் பிரித்தே எழுதுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்தப் பிரிவை வைத்துத்தான் சொல்லப்படுகின்றன.

உதாரணத்துக்கு ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம்: ஓர் எழுத்தாளர், இரண்டு டிசைனர்கள், ஒரு டெவலப்பர், ஒரு வீடியோ எடிட்டர். தொகைகளை வெறும் எண்களாகவே தருகிறேன். உங்கள் நாணயத்தைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

டூல் செலவை ஐந்தால் வகுத்துவிடலாமா?

வகுக்கலாம், ஆனால் அதிக நாள் தாங்காது. இந்தக் குழுவின் மாதச் செலவு 210 என்று வைப்போம். டிசைன் மென்பொருள் ஆளுக்கு 30. இரண்டு டிசைனர்களும் எடிட்டரும் பயன்படுத்துவதால் 90. கோப்புகளைச் சேமிக்கும் கிளவுட் இடம் 60. இன்வாய்ஸ் போடும் மென்பொருள் 25, பாஸ்வேர்டு மேலாளர் 20, வீடியோ கூட்டத்துக்கு 15.

சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 42. டிசைன் மென்பொருளைத் திறந்தே பார்க்காத எழுத்தாளரும் 42 கட்டுவார். முதல் மூன்று மாதம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். வேலை குறைந்த ஒரு மாதத்தில் இந்தத் தொகைதான் முதலில் கண்ணில் படும்.

இதற்கு நான் சொல்லும் முறை மூன்று விதியில் அடங்கும். ஆள் கணக்கில் வாங்கும் உரிமத்துக்கு, அதை வைத்திருப்பவரே கட்டட்டும். எல்லோருக்கும் பொதுவானதைச் சமமாகப் பிரியுங்கள். பயன்பாடு ஆளுக்கு ஆள் பெரிதாக மாறும் ஒன்றுக்கு மட்டும் பாதியைச் சமமாகவும் மீதிப் பாதியைப் பயன்பாட்டு விகிதத்திலும் பிரியுங்கள்.

நம் குழுவில் பொதுவான செலவு 25, 20, 15 சேர்த்து 60, ஆளுக்கு 12. கிளவுட் இடத்தில் பாதியான 30 சமமாகப் பிரிந்து ஆளுக்கு 6. மீதி 30-ஐப் பயன்பாட்டைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். எடிட்டரின் கோப்புகள் 70 சதவீத இடத்தை அடைத்தால் அவருக்கு 21. டிசைனர்கள் தலா 10 சதவீதம் என்றால் 3. எழுத்தாளருக்கும் டெவலப்பருக்கும் தலா 5 சதவீதத்துக்கு 1.50. கடைசியில் எடிட்டர் 69, டிசைனர்கள் தலா 51, மற்ற இருவர் தலா 19.50. கூட்டினால் சரியாக 210.

பயன்பாட்டை மாதாமாதம் அளக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து விகிதத்தை மாற்றினால் போதும். அதைவிட அடிக்கடி அளந்தால், மிச்சமாகும் பணத்தைவிட அதற்காகச் செலவாகும் நேரம்தான் அதிகமாக இருக்கும்.

ஒரே லாகினை எல்லோரும் பகிர்ந்துகொண்டால் செலவு குறையுமே?

பெரும்பாலான மென்பொருள்களின் உரிம விதிகள் ஓர் இடத்தை, அதாவது ஓர் ஆளுக்கான உரிமத்தை, ஒருவர் மட்டுமே பயன்படுத்தச் சொல்கின்றன. மீறினால் கணக்கு முடக்கப்படலாம். கிளையன்ட்டின் கோப்புகளும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். குழுவுக்கான திட்டம் இருந்தால் அதை எடுத்துத் தேவையான அளவுக்கு மட்டும் இடம் வாங்குங்கள். ஒருவர் விலகினால் அந்த இடத்தை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கவும் வழி இருக்கும்.

வருடச் சந்தா மலிவு. எடுக்கலாமா?

மாதம் 30 என்ற இடம் வருடத்துக்கு 300-க்குக் கிடைக்கிறது என்று வைப்போம். அந்த இடம் பத்து மாதத்துக்கு மேல் தேவைப்பட்டால்தான் லாபம். ஐந்தாம் மாதத்தில் ஒருவர் விலகினால் 125 தான் பயன்பட்டிருக்கும், 175 மாட்டிக்கொள்ளும். அது யார் தலையில் விழும் என்பதை வாங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். இடத்தை வைத்திருந்தவர் பொறுப்பு, வேறொருவர் அதை எடுத்துக்கொண்டால் அந்த நாளிலிருந்து புதியவர் பொறுப்பு என்பது நியாயமாக இருக்கும். பொதுவான டூல்களுக்கு வருடச் சந்தா சரி. புதிதாகச் சேர்ந்தவரின் இடத்துக்கு முதல் வருடம் மாதச் சந்தாவே பாதுகாப்பு.

இன்னொன்று: யாருடைய அட்டையிலிருந்து பணம் போகிறதோ அவர் குழுவுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார். எல்லோரிடமும் ஒரு மாதச் செலவை முன்கூட்டியே வாங்கிவிட்டால் அந்தச் சுமை இருக்காது. வேற்று நாணயத்தில் பில் வந்தால், விலைப் பக்கத்தில் உள்ள தொகையை எழுதாதீர்கள். மாற்று விகிதமும் அட்டைக் கட்டணமும் சேர்ந்து உண்மையில் கழிந்த தொகையை எழுதுங்கள்.

பொது நிதிக்கு ஒவ்வொருவரும் எவ்வளவு போடுவது?

கையில் வந்த வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதம். இன்வாய்ஸ் போட்ட தொகையில் அல்ல; அப்படிச் செய்தால் பணம் வராதவர்தான் முதலில் கஷ்டப்படுவார். 5 சதவீதம் தொடங்குவதற்கு நல்ல அளவு.

நம் குழுவில் மாத வரவு எழுத்தாளருக்கு 1,500, டிசைனர்களுக்கும் எடிட்டருக்கும் தலா 2,000, டெவலப்பருக்கு 2,500. மொத்தம் 10,000, அதில் 5 சதவீதம் 500. ஆறு மாதத்தில் 3,000 சேரும். அதில் எழுத்தாளரின் பங்கு 450, டெவலப்பருடையது 750, மற்ற மூவருக்கும் தலா 600. இந்தப் பங்குகள் எப்போதும் பெயர் வாரியாகவே ஏட்டில் இருக்க வேண்டும்.

என் வருமானத்தை மற்றவர்களிடம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. என்ன செய்வது?

நியாயமான தயக்கம்தான். வரவை மூன்று படிகளாகப் பிரித்து, தான் எந்தப் படியில் வருகிறார் என்பதை மட்டும் ஒவ்வொருவரும் சொல்லட்டும். படிக்கு ஒரு நிலையான தொகை. நம் எண்களில் 75, 100, 125 என்று வைத்தாலே கிட்டத்தட்ட அதே 500 வந்துவிடும். முன்பணம் கேட்கும்போது மட்டும் அந்த ஒரு இன்வாய்ஸைக் காட்ட வேண்டியிருக்கும். அதைக்கூடக் காட்ட முடியாது என்றால் முன்பணம் கேட்காமல் இருப்பதுதான் முறை.

நிதி எவ்வளவு பெரிதாக இருந்தால் போதும்?

உங்கள் பழைய இன்வாய்ஸ்களே பதில் சொல்லும். கடந்த 12 மாத இன்வாய்ஸ்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கெடு தேதியையும் பணம் வந்த தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே சமயத்தில் கெடு தாண்டி நின்ற தொகை அதிகபட்சம் எவ்வளவு என்று பாருங்கள். அது 4,000 என்றும், இன்வாய்ஸில் 60 சதவீதம் வரை முன்பணம் தருவதாகவும் வைத்தால் 2,400 தேவை. அதோடு மூன்று மாத டூல் செலவு 630. மொத்தம் 3,030.

அந்த அளவைத் தொட்டதும் வசூலை 2 சதவீதமாகக் குறையுங்கள், அல்லது நிறுத்துங்கள். நோக்கம் இல்லாமல் பெருகும் நிதியைப் பார்த்ததும் ஆளுக்கொரு திட்டம் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

கிளையன்ட் இழுத்தடிக்கிறார். எந்த நிலையில் முன்பணம் கேட்கலாம்?

வேலை முடிந்து, கிளையன்ட் அதை ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் சொல்லி, இன்வாய்ஸ் போட்டு, கெடு தேதியும் தாண்டியிருந்தால் கேட்கலாம். "இந்த மாதம் ஒரு பெரிய வேலை வரப்போகிறது" என்பதற்காக நிதியைத் தொடக் கூடாது. அது தாமதமான பணம் இல்லை, வராத பணம்.

ஆனால் முன்பணத்துக்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. பணம் தாமதமாவதற்குக் கிளையன்ட்டின் மனம் காரணமாக இருக்க வேண்டியதில்லை; பல நேரம் தாளில் ஒரு குறை இருக்கும். பர்ச்சேஸ் ஆர்டர் எண் விடுபட்டிருக்கும். நிறுவனத்தின் பதிவுப் பெயருக்குப் பதில் பிராண்டின் பெயர் இருக்கும். இன்வாய்ஸ் உங்களோடு பேசும் மேலாளருக்குப் போயிருக்கும், கணக்குப் பிரிவுக்குப் போயிருக்காது. பல நிறுவனங்கள் மாதத்தில் ஒன்றிரண்டு நாட்களில்தான் மொத்தமாகப் பணம் அனுப்புகின்றன. அதற்கான கடைசி நாளை ஒரு நாள் தவறவிட்டாலும் அடுத்த சுற்றுக்குத் தள்ளிப் போகும்.

ஆகவே முன்பணம் கேட்பவர் முதலில் கணக்குப் பிரிவுக்கு நேராக எழுதி இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: இன்வாய்ஸ் உங்கள் அமைப்பில் பதிவாகிவிட்டதா, எந்தத் தேதிச் சுற்றில் இருக்கிறது? அந்தப் பதிலைக் குழுவுக்குக் காட்டட்டும். தேதி கிடைத்துவிட்டால் அது வெறும் தாமதம். பதிலே வராவிட்டால், அல்லது வேலையைப் பற்றிப் புதிதாகக் குறை சொல்ல ஆரம்பித்தால், அது வேறு வகைச் சிக்கல். அப்போது முன்பணத்தைக் குறைத்துக் கொடுப்பதே நல்லது.

எங்களில் இருவர் ஒரே கிளையன்ட்டுக்கு வேலை செய்தோம். 3,600 வரவேண்டும், கெடு தாண்டிவிட்டது. எவ்வளவு கிடைக்கும்?

அதில் எடிட்டரின் பங்கு 2,100, டிசைனரின் பங்கு 1,500 என்று வைப்போம். நிதியில் 3,000 இருக்கிறது. 60 சதவீத விதிப்படி எடிட்டருக்கு 1,260, டிசைனருக்கு 900. இங்கே இரண்டு உச்சவரம்பு வேண்டும்.

முதலாவது, ஒரு நபருக்கு நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அதனால் எடிட்டரின் தொகை 1,000 ஆகக் குறைகிறது. இரண்டாவது, ஒரு கிளையன்ட்டை நம்பி நிதியில் பாதிக்கு மேல் வெளியே போகக் கூடாது. 1,000-மும் 900-மும் சேர்ந்தால் 1,900, வரம்பு 1,500. எனவே அதே விகிதத்தில் இரண்டையும் குறைக்க, எடிட்டருக்கு 790, டிசைனருக்கு 710 என்று வரும்.

நபருக்கான வரம்பை எல்லோரும் யோசிப்பார்கள். கிளையன்ட்டுக்கான வரம்பைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நால்வர் ஒரே கிளையன்ட்டுக்கு வேலை செய்யும் குழுவில் அந்த ஒரு நிறுவனம் தாமதித்தால் நான்கு முன்பணமும் ஒரே வாரத்தில் கேட்கப்படும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாக இருக்கும். சேர்ந்து நிதியைக் காலி செய்துவிடும்.

கொடுத்த பிறகு கணக்கில் 1,500 மீதி. அதில் 630 டூல்களுக்காக ஒதுக்கியது; அதைத் தொடக் கூடாது. ஆக, மற்றவர்களுக்கு இப்போது கொடுக்கக்கூடியது 870 மட்டுமே. இந்த எண்ணைத்தான் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும், வங்கி மீதியை அல்ல.

கிளையன்ட் பாதிப் பணம் மட்டும் அனுப்பினார். முதலில் நிதிக்குப் போகுமா, எங்களுக்கு வருமா?

இந்த இடத்தில் கவனம் வேண்டும். வந்த 1,800-இலிருந்து முன்பணம் 1,500-ஐ மொத்தமாக எடுத்துவிட்டு, மீதி 300-ஐ 2,100-க்கு 1,500 என்ற விகிதத்தில் பிரிப்பது எளிதாகத் தோன்றும். அப்படிச் செய்தால் இப்போது எடிட்டருக்கு 175, டிசைனருக்கு 125. அடுத்த பாதி வரும்போது 1,050, 750. முன்பணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்: எடிட்டருக்கு மொத்தம் 2,015, டிசைனருக்கு 1,585. எடிட்டரின் 85 டிசைனரிடம் போய்விட்டது. இருவரும் தங்கள் பங்குக்குச் சமமான விகிதத்தில் முன்பணம் வாங்காததுதான் காரணம்.

சரியான வரிசை இது. முதலில் வந்த பணத்தைப் பங்குப்படி பிரியுங்கள்: எடிட்டருக்கு 1,050, டிசைனருக்கு 750. அப்புறம் அவரவர் பங்கிலிருந்து அவரவர் முன்பணத்தைக் கழியுங்கள்: எடிட்டரிடமிருந்து 790 நிதிக்குப் போய் 260 கையில்; டிசைனரிடமிருந்து 710 போய் 40 கையில். அடுத்த 1,800 வந்ததும் 1,050, 750. இப்போது கூட்டினால் எடிட்டருக்கு 2,100, டிசைனருக்கு 1,500.

நிதிக்கான 5 சதவீதம் கிளையன்ட் பணம் வரும்போதுதான் பிடிக்கப்படும், முன்பணத்தில் அல்ல. முதல் தவணையில் டிசைனரின் பங்கில் அது 37.50; அவர் கையில் இருக்கும் 40-இல் அதைப் பிடித்தால் 2.50 தான் மிஞ்சும். இந்த மாதிரி நேரத்தில் அதை அடுத்த தவணைக்குத் தள்ளி வைக்கலாம் என்று விதியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் வரவே இல்லை என்றால் யார் தாங்குவது?

முதல் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதை முடிவு செய்ய வேண்டும். பணம் போன பிறகு பேசினால் அது விதியைப் பற்றிய பேச்சாக இருக்காது, ஆளைப் பற்றிய பேச்சாகிவிடும்.

கெடு தாண்டி 90 நாள் ஆனதும் அந்த இன்வாய்ஸைக் குழுவாக உட்கார்ந்து பாருங்கள். வேலையின் தரத்தைச் சொல்லிக் கிளையன்ட் மறுக்கிறார் என்றால், முன்பணம் முழுவதையும் வாங்கியவரே தவணையில் திருப்பட்டும். அந்தத் தகராறு அவருக்கும் கிளையன்ட்டுக்கும் இடையில் உள்ளது. கிளையன்ட்டின் நிறுவனமே மூடிவிட்டது அல்லது திவாலாகிவிட்டது என்றால், சோதனைகளை எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்த பட்சத்தில், பாதியை நிதி ஏற்கலாம்.

நம் உதாரணத்தில் 1,500-இல் 750 நிதியின் இழப்பு. மொத்தப் பங்கு 3,000. ஆகவே ஒவ்வொருவரின் பங்கிலும் கால்வாசி குறையும். எழுத்தாளரின் 450, 337.50 ஆகிவிடும். அந்தக் கிளையன்ட்டைப் பார்த்தே இராதவருக்கு இது வலிக்கும் தொகை. கிளையன்ட் வரம்பைப் பாதிக்குப் பதிலாக மூன்றில் ஒரு பங்காக வைப்பதா என்று உங்கள் குழு பேச வேண்டியது இந்த எண்ணைப் பார்த்துத்தான். மீதி 750-இல் எடிட்டர் 395, டிசைனர் 355 திருப்ப வேண்டும். வரவில் 10 சதவீதம் என்று தவணை வைத்தால், மாதம் 2,000 வரும் இருவருக்கும் சுமார் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும்.

முன்பணத்துக்கு வட்டி வைக்கலாமா?

வேண்டாம். வட்டி வாங்கினால் கடன் கொடுக்கும் தொழிலாக அது பார்க்கப்படலாம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். தவிர, பணம் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில் சேர்ந்தால் அது அவருடைய வருமானமாகத் தோன்றவும் இடமுண்டு. இருவர் ஒப்புதல் தேவைப்படும் கூட்டுக் கணக்கு நல்லது. தொடங்கும் முன் உங்கள் ஊரின் கணக்கர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் எப்படி எழுதி வைப்பது?

ஒரு ஸ்பிரெட்ஷீட் போதும். A-இல் தேதி, B-இல் பெயர், C-இல் வகை, D-இல் தொகை. உள்ளே வருவது கூட்டல், வெளியே போவது கழித்தல். வகை மூன்றே மூன்று: டூல், பங்களிப்பு, முன்பணம். முன்பணம் திரும்பி வரும்போதும் வகை முன்பணம்தான், கூட்டல் குறியோடு. பக்கத்தில் வேறொரு நெடுவரிசையில் இந்த நான்கும் இருக்கட்டும்:

```
=SUMIFS(D:D, C:C, "டூல்")
=SUMIFS(D:D, C:C, "பங்களிப்பு")
=SUMIFS(D:D, C:C, "முன்பணம்")
=SUM(D:D)
```

டூல் வரி, ஒரு மாத முன்வசூலைக் கழித்துப் பார்த்தால், மாத முடிவில் பூஜ்ஜியத்துக்கு அருகில் நிற்க வேண்டும். மாதாமாதம் சற்றுக் கீழே இறங்கினால் ஏதோ ஒரு சந்தாவின் விலை ஏறியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. பங்களிப்பு வரி எல்லோருடைய பங்கின் கூட்டுத்தொகை. முன்பணம் வரி கழித்தலில் இருந்தால் அவ்வளவும் வெளியே நிற்கிறது. கடைசி வரி வங்கி மீதியோடு அப்படியே பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வங்கிக் கட்டணமோ, தானாகப் புதுப்பித்துக்கொண்ட சந்தாவோ எழுதப்படாமல் இருக்கும். முதலில் அவற்றைத் தேடுங்கள்.

நிதி தவறான பக்கம் போவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒருவருடைய பழைய முன்பணம் புதிய முன்பணத்தால் அடைக்கப்படுகிறதா என்று பாருங்கள். அப்படி நடந்தால் அவருக்கு இருப்பது தாமதச் சிக்கல் அல்ல, வருமானச் சிக்கல். அதை நிதியால் தீர்க்க முடியாது. ஒரு முன்பணம் முடியும் வரை அதே நபருக்கு அடுத்தது இல்லை என்ற விதி இதைத் தடுக்கும். அதேபோல ஒரே கிளையன்ட்டின் பெயர் வருடத்தில் மூன்றாவது முறை முன்பணப் பட்டியலில் வந்தால், அடுத்த வேலைக்கு முன்தொகை வாங்காமல் யாரும் தொடங்கக் கூடாது என்று முடிவெடுங்கள்.

ஒருவர் விலகினால் அவர் பங்கை உடனே கொடுக்க வேண்டுமா?

கொடுக்க வேண்டும், ஆனால் அன்றே அல்ல. அவர் பங்கிலிருந்து திருப்பாத முன்பணத்தையும், மாட்டிக்கொண்ட வருடச் சந்தாவின் மீதியையும் கழித்துவிட்டு, மிச்சத்தை மூன்று மாதத் தவணையில் கொடுங்கள். மொத்தமாக எடுத்தால் வெளியே நிற்கும் முன்பணத்தின் ஆபத்து முழுவதும் இருப்பவர்கள் மேல் விழும். டெவலப்பர் தன் 750-ஐ, மேலே சொன்ன 1,500 வெளியே இருக்கும் மாதத்தில் ஒரே நாளில் எடுத்தால் கணக்கில் மிஞ்சுவது 750. டூல் ஒதுக்கீடு போக 120. புதிதாகச் சேர்பவருக்கும் இதே கவனம் வேண்டும். மூன்று மாதம் பங்களித்த பிறகே அவர் முன்பணம் கேட்கலாம்.